வெளுத்த வெல்லமும் பழுப்புச் சர்க்கரையும்: நிறத்தை நம்பாமல் வாங்குவது எப்படி?

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் இருக்கிறது வடமாலபேட்டை. சித்தூர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் காய்ச்சிய வெல்லமும் தமிழ்நாட்டிலிருந்து வரும் வெல்லமும் இந்த ஊர் மளிகைக் கடைகளில் அருகருகே இருக்கும். ஒன்று பொன் மஞ்சள், மற்றொன்று கரும்பழுப்பு. அவற்றுக்கு மேல் தட்டில் ‘நாட்டுச் சர்க்கரை’ என்று அச்சிட்ட பாக்கெட்டும், ‘கந்தகம் இல்லாதது’ என்று எழுதிய வெள்ளைச் சர்க்கரையும் இருக்கும். வாங்க வருபவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்? பெரும்பாலும் நிறத்தைத்தான். முன்பெல்லாம் மஞ்சளாக இருந்தால் சுத்தம் என்றார்கள். இப்போது கறுப்பாக இருந்தால் இயற்கை என்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். மஞ்சள் நிறத்தை மருந்து போட்டு வரவழைக்கலாம், கறுப்பைக் கழிவுப்பாகு கலந்து வரவழைக்கலாம்.

ஆகவே நிறத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த நிறம் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு வீட்டிலேயே இரண்டு மூன்று பொருள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

கொப்பரையில் நடப்பது

ஆலையில் பிழிந்த கரும்புச் சாறு சாம்பலும் பச்சையும் கலந்த கலங்கல் நிறத்தில் இருக்கும், லேசாகப் புளிப்புத் தன்மையும் உண்டு. கொப்பரையில் ஊற்றித் தீ மூட்டியதும், கொதி வருவதற்கு முன்பே அழுக்கு நுரையாக மேலே திரளும். அதைப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அரித்து எடுப்பதில்தான் வெல்லத்தின் தரம் பெரும்பாலும் தீர்மானமாகிறது. பழைய முறையில் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி, நீரில் பிசைந்து, அந்தக் கொழகொழப்பைச் சாற்றில் விடுவார்கள். அது அழுக்கைச் சேர்த்துக்கட்டி மேலே கொண்டுவரும். புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு, நுரை பொங்கி வழியாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். பாகு ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸை எட்டும்போது உருண்டை பிடிக்கும் பதம் வரும். தூள் வெல்லத்துக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி மேலே போக வேண்டும்.

இப்படிக் காய்ச்சிய வெல்லம் இளம் பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை எந்த நிறத்திலும் வரலாம். கரும்பின் ரகம், வெட்டி எத்தனை நாள் கிடந்தது, நிலத்திலும் கிணற்றுத் தண்ணீரிலும் எவ்வளவு உப்பு, தீ எவ்வளவு முரட்டுத்தனமாக எரிந்தது என்று எல்லாமே நிறத்தில் தெரியும். உவர் நிலத்துக் கரும்பில் வெல்லம் கறுக்கும், நாக்கில் லேசான கரிப்பும் இருக்கும், மழைக்காலத்தில் சீக்கிரம் கசியும். இதில் கலப்படம் எதுவும் இல்லை. அதே சமயம், அரைகுறையாக அழுக்கெடுத்த வெல்லமும், அடிப்பிடித்த பாகும், பழைய வெல்லத்தைத் திரும்ப உருக்கி ஊற்றியதும் கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பு நிறம் மட்டும் எதற்கும் சான்று அல்ல.

சந்தையில் மஞ்சள் வெல்லத்துக்குத்தான் கூடுதல் விலை. அதனால் கொப்பரையில் ஹைட்ராஸ் விழுகிறது. ஹைட்ராஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட், துணி ஆலைகளில் சாயம் வெளுக்கப் பயன்படுத்தும் வெள்ளைத் தூள். கொதிக்கும் பாகில் ஒரு கைப்பிடி போட்டால் பழுப்பு சட்டென்று பொன்னிறமாகும். உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட சல்பைட்டுகளுக்கு 220 முதல் 228 வரையிலான வரிசையில் ஐ.என்.எஸ். எண்கள் உண்டு. அந்த வரிசையில் ஹைட்ராஸுக்கு இடமே இல்லை. சல்பைட் மிச்சம் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பை வரவழைக்கும். வெல்லத்தில் மிஞ்சும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆந்திரத்தில் மஞ்சளுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. நாட்டுச் சாராயம் காய்ச்சக் கருப்பு வெல்லம் போகிறது என்று கலால் துறை அதன் விற்பனையையும் போக்குவரத்தையும் கெடுபிடி செய்துவந்திருக்கிறது. சித்தூர் விவசாயிகள் இதற்காகப் போராடியும் இருக்கிறார்கள். கறுத்த வெல்லம் வைத்திருந்தாலே சந்தேகம் என்று ஆகிவிட்டால், காய்ச்சுகிறவர் வெளுக்கத்தான் பார்ப்பார். ஹைட்ராஸ் போட்டவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை.

நீக்கிய நிறமும் மறைத்த நிறமும்

வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டிய வேதியியல் ஒன்றே ஒன்று. நுரையோடு அரித்து எடுத்த அழுக்கு திரும்ப வராது. ஹைட்ராஸ் எதையும் வெளியே எடுப்பதில்லை. நிறம் தரும் பொருள்களை நிறமற்ற வடிவத்துக்கு மாற்றி, உள்ளேயே விட்டுவிடுகிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டுப் பட்டு நாளடைவில் அந்த நிறம் திரும்பும். இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் வீட்டில் அதைப் பிடிக்க முடியும்.

சர்க்கரையிலும் இதே கதைதான். நம் ஆலைகள் பலவற்றில் சாற்றோடு சுண்ணாம்பையும் கந்தகப் புகையையும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்டாகும் வீழ்படிவு அழுக்கின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போகும். மிச்ச நிறத்தைக் கந்தகம் வெளுக்கும். இது சாதாரண ஆலைச் சர்க்கரை. வாங்கும்போது வெள்ளையாக இருந்து, மாதங்கள் போனதும் டப்பாவில் லேசாக மஞ்சள் பாய்வது இதுதான். அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. சுத்திகரித்த சர்க்கரை வேறு வழியில் வருகிறது. கச்சாச் சர்க்கரையை மறுபடி கரைத்து, பாஸ்பாரிக் அமிலமும் சுண்ணாம்பும் கொண்டு அழுக்கை மிதக்கவைத்து எடுத்து, கார்பன் அல்லது பிசின் வழியாக வடித்து, திரும்ப மணியாக்குவார்கள். ‘கந்தகம் இல்லாதது’ என்ற பாக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. கந்தகம் இல்லை என்பதற்காக அதில் ரசாயனமே தொடவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கந்தக மிச்சத்தைப் பொறுத்தவரை அது மேல்தான். பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸில் வெள்ளைச் சர்க்கரைக்கு வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆலைச் சர்க்கரைக்கு 70.

முதல் படி: கடையில் நின்றபடி

பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். ‘கரும்பு வெல்லம்’ என்று மட்டும் இருந்தால் ஒன்று. ‘சர்க்கரை, கரும்புக் கழிவுப்பாகு’ என்றோ, நிறமேற்றும் கேரமல் என்றோ இருந்தால் அது பழுப்பாக்கிய வெள்ளைச் சர்க்கரை. முன்பக்கத்தில் பனை ஓலை வரைந்திருந்தாலும் அதுதான் உண்மை. சல்பைட் ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு லேபிள் விதி. அந்த வரி இருக்கும் பிராண்டை வெறுக்க வேண்டாம். அளந்து பார்த்துச் சொன்னவர் அவர். அடுத்து, ‘தயாரித்தவர்’ என்று இருக்கிறதா, ‘பாக்கெட் செய்தவர்’ என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். மூட்டையில் வாங்கிப் பொட்டலம் கட்டுகிறவருக்குக் கொப்பரையில் என்ன விழுந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவருடைய ‘ரசாயனம் அற்றது’ என்ற சொல்லுக்கும் அந்த அளவுதான் மதிப்பு.

பிறகு விலைக் கணக்கு. ஒரு கிலோ வெல்லத்துக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ கரும்பு வேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சர்க்கரை ஆலைகளுக்கு நிர்ணயித்த கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அந்தக் கணக்கில் கரும்புக்கு மட்டுமே ஏறத்தாழ 32 முதல் 35.50 ரூபாய் ஆகிறது. வெட்டுக்கூலி, பிழியும் செலவு, கொப்பரைக்கு நிற்கும் ஆட்களின் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன், கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல். வெல்லம் காய்ச்சுகிறவர் இந்த அரசு விலைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, ஆகவே சில ஆண்டுகளில் கரும்பு இதைவிட மலிவாகவும் கிடைக்கும். ஆனாலும் சில்லறைக் கடையில் வெல்லம் சர்க்கரை விலைக்கே கிடைத்தால், சர்க்கரையே அதற்குள் போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டாரத்தில் வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை போட்டு, கலப்பதற்காக வைத்திருந்த சர்க்கரை மூட்டைகளைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் காய்ச்சுவது எல்லாம் அப்படி என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த வேலை எங்கும் நடக்கக்கூடியது.

இரண்டாம் படி: மூன்று கிளாஸ்

ஒப்பிடும் வெல்லங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தேக்கரண்டி தூளை எடுங்கள். உருண்டையின் மேற்பரப்பையும் நடுப்பகுதியையும் சேர்த்துத் தட்டியதாக இருக்கட்டும். ஒரே மாதிரியான கண்ணாடி கிளாஸ்களில் அரை டம்ளர் அறைவெப்ப நீரில் கலக்கி, வெள்ளைத் தாள் மேல் வைத்து, அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்.

அடியில் கரும்புச் சக்கைத் துணுக்கு, கறுப்புப் பொட்டு, கொஞ்சம் மண் தெரிந்தால் அது வடிகட்டாத குறை. அதிகம் இருந்தால் அந்தக் கொட்டகையின் சுத்தம் போதாது என்று தெரிந்துகொள்ளலாம். வெள்ளைப் படிவு கெட்டியாகத் தங்கினால் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு, அதன்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். குபுகுபுவென்று நுரைத்தால் சுண்ணக்கட்டித் தூள் சேர்ந்திருக்கலாம். லேசான குமிழ்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். தெளியவைக்க விட்ட சுண்ணாம்பும், அனுமதிக்கப்பட்ட சமையல் சோடாவும் அந்த அளவு காட்டும்.

தண்ணீர் நல்ல மஞ்சளாகப் பளிச்சென்று நின்றால் செயற்கைச் சாயம் என்ற சந்தேகம் வர வேண்டும். வெல்லத்தில் எந்தச் சாயமும் சேர்க்க அனுமதி இல்லை. மெட்டானில் மஞ்சள் என்ற தடைசெய்யப்பட்ட சாயம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் இளஞ்சிவப்பாகும். இதைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்யச் சொல்லுங்கள், சமையலறைக்கு அந்த அமிலம் வேண்டாம்.

பலர் நம்பும் பால் சோதனை ஒன்று உண்டு. பாயசத்தில் வெல்லம் போட்டதும் பால் திரிந்தால் ‘மருந்து வெல்லம்’ என்று கடையில் சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. மருந்து போடாத வெல்லத்துக்கு இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. கொதிக்கும் பாலில் போட்டால் அது திரிய வைக்கும். சோடா தாராளமாகப் போட்டுப் புளிப்பை முறித்த வெல்லத்தில்தான் பால் அசையாமல் நிற்கும். திரிவதை வைத்து வெல்லத்தைத் தள்ளவும் வேண்டாம், திரியாததை வைத்துப் பாராட்டவும் வேண்டாம்.

மூன்றாம் படி: நாட்டுச் சர்க்கரையைக் கழுவிப் பார்ப்பது

எல்லாச் சோதனைகளிலும் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இதுதான். ஆலை ஆய்வுக்கூடங்களில் மணியை ஒட்டிய பாகைக் கழுவிப் பார்க்கும் முறையின் வீட்டு வடிவம் இது. ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு வெள்ளைச் சர்க்கரையைச் சூடு காட்டிக் கரைத்து ஆறவிடுங்கள். ஆறியபின் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கி, கரையாமல் மிச்சம் நிற்கும்படி ஓர் இரவு வைத்து, மேலே உள்ள தெளிந்த பாகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாகு ஏற்கெனவே சர்க்கரையால் நிறைந்திருக்கிறது, இனி ஒரு மணியையும் கரைக்காது. மணியைச் சுற்றிப் பூசிய நிறத்தை மட்டும் கழுவி எடுக்கும்.

ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டு, இந்தப் பாகை நான்கு தேக்கரண்டி ஊற்றி, இரண்டு நிமிடம் மெல்லக் கலக்கி, பாகை வடியுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே. மிஞ்சியதைக் கறுப்புத் தட்டில் பரப்பிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரே அளவில், முனை கூராக, கண்ணாடித் துண்டு போல மின்னும் மணிகள் தெரிந்தால் நீங்கள் வாங்கியது பூச்சுப் போட்ட ஆலைச் சர்க்கரை. தூள் வெல்லமாக இருந்தால் கட்டிகள் உதிர்ந்து, பாகு கலங்கி, மிகப் பொடியான மங்கிய துகள்கள்தான் மிஞ்சும். பக்கத்தில் கடைச் சர்க்கரையையும் ஒரு சிட்டிகை வைத்தால் வித்தியாசம் பிடிபட நேரம் ஆகாது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. சர்க்கரையைப் பாகிலேயே உருக்கிக் காய்ச்சிய வெல்லத்தை இது காட்டிக்கொடுக்காது, மணி உருகி மறுபடி பிறந்துவிட்டது அங்கே. அதை ஆய்வுக்கூடம்தான் சாம்பல் அளவையும் சர்க்கரை விகிதத்தையும் கொண்டு ஊகிக்கும். வெல்லத்தில் இயல்பாக இருக்கும் தாதுச் சாம்பலும் சுக்ரோஸ் அல்லாத குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் பங்கும், சர்க்கரை கலக்கக் கலக்கக் குறையும்.

நான்காம் படி: இரண்டு வாரக் காத்திருப்பு

ஹைட்ராஸைப் பிடிக்கும் வழி இது. வெல்லம் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அளவில் இரண்டு துண்டு உடையுங்கள். ஒன்றைச் சிறு பாட்டிலில் நிரம்ப அடைத்து மூடுங்கள். மற்றொன்றைத் திறந்த தட்டில், எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே வையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தட்டுத் துண்டைக் குறுக்கே உடைத்தும் பாருங்கள். மேல்தோல் பழுப்பேறி உள்ளே வெளுத்து, ஒரு பட்டை போலத் தெரிந்தால், அந்தப் பொன்னிறம் வெளுத்த நிறம் என்று சந்தேகிக்கலாம். இயல்பான வெல்லமும் கொஞ்சம் கறுக்கும், ஆனால் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே அவ்வளவு கூர்மையான எல்லை இராது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்யாதீர்கள். ஈரம் குடித்தால் எந்த வெல்லமும் கசிந்து கறுக்கும், ஒப்பீடே கெட்டுவிடும். மாசி, பங்குனியில் செய்வது நல்லது.

சர்க்கரைக்கு ஒரே ஒரு சோதனை

சர்க்கரை பாக்கெட்டில் பொடி மணி எப்போதும் அதிக வெள்ளையாகத் தெரியும், பெரிய மணி மங்கலாகத் தெரியும். வெளிச்சம் சிதறுவதால் வரும் தோற்றம் அது. நம் நாட்டுத் தரக் குறியீட்டில் எஸ், எம், எல் என்ற எழுத்து மணியின் அளவைச் சொல்கிறது, 30, 31 என்ற எண்தான் நிறத்தைச் சொல்கிறது. எஸ்-30 பார்வைக்கு எம்-30-ஐவிட வெளுப்பாக இருந்தாலும் நிறத் தரம் ஒன்றே.

ஆகவே மணியாகப் பார்க்காமல் கரைத்துப் பாருங்கள். எடைபோட்ட 50 கிராம் சர்க்கரையை 50 மில்லி வெந்நீரில் கரைத்து, குறுகலான உயரமான கிளாஸில் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். சர்க்கரை ஆலைகளில் ‘இக்கும்சா’ எண் கணக்கிடுவதும் இதுபோன்ற பாதிக்குப் பாதிக் கரைசலில்தான். சுத்திகரித்தது தண்ணீர் போல இருக்கும். சாதாரண ஆலைச் சர்க்கரை இளமஞ்சள் காட்டும். ‘சுத்திகரித்தது’ என்று கூடுதல் விலை வாங்கிய பாக்கெட் பக்கத்து மூட்டைச் சர்க்கரை அளவுக்கு மஞ்சள் காட்டினால், கொடுத்த விலைக்குப் பொருள் இல்லை.

சந்தேகம் உறுதியானால்

வீட்டுச் சோதனை சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். எவரையும் குற்றம் சாட்ட அது போதாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு வாங்குகிறவருக்கே ஓர் உரிமை தருகிறது. கட்டணம் செலுத்தி, வாங்கிய பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து அறிக்கை பெறலாம். வாங்கும்போதே, ‘இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் சட்டத்துக்குப் புறம்பானது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விண்ணப்பத்தில் ‘கலப்படமா’ என்று பொதுவாகக் கேட்காமல், கந்தக டை ஆக்சைடு, செயற்கைச் சாயம், சுக்ரோஸ், மொத்தச் சாம்பல், ஈரப்பதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெல்லத்துக்கான தரப்படி உலர் எடையில் சுக்ரோஸ் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மொத்தச் சாம்பல் 6 சதவீதத்தையும் ஈரம் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. சுக்ரோஸுக்கு மேல்வரம்பு இல்லாததால், சர்க்கரை கலந்த வெல்லம் இந்தத் தரத்தில் தேறிவிடுவதும் உண்டு. அறிக்கையைக் கையில் வாங்கியதும் சாம்பல் அளவைத் தனியாகப் பாருங்கள்.

வடமாலபேட்டைக்காரர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பொங்கலை ஒட்டிய மாதங்களில் சித்தூர்ப் பக்கம் கொட்டகைகள் ஓடிக்கொண்டிருக்கும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கொட்டகைக்குப் போய், ஹைட்ராஸ் போடாமல் ஒரு கொப்பரை காய்ச்சித் தரச் சொல்லி முன்பணம் கொடுங்கள். அழுக்கெடுக்கும்போதும் இறக்கும்போதும் உங்களில் ஒருவர் அங்கே நிற்கட்டும். வெல்லம் பழுப்பாக இறங்கும்போது மஞ்சள் வெல்லத்துக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்காமல் காய்ச்சியவர் கையில் கொடுங்கள்.